மனையை விற்பதற்கு முன்

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதிய கடிதம் இது. நான் பல ஆண்டுகள் விமானப் பயிற்சிப் பள்ளிகளில் வகுப்பெடுத்தவன். பறப்பதற்கு முன் படிக்க வேண்டிய பாடங்களான திசையறிதல், வானிலை, விதிகள் ஆகியவற்றைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பெற்றோரிடமிருந்து பள்ளிக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பொறுப்பும் பல நேரம் என்னிடம் வந்து சேரும். ஊர், பெயர் அடையாளங்களை நீக்கிவிட்டு அந்தக் கடிதத்தைத் தருகிறேன்.

“மதிப்பிற்குரிய ஐயா, என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். சென்ற மாதம் 16 வயது முடிந்தது. கணிதம், உயிரியல் குரூப். சின்ன வயதிலிருந்தே பைலட் ஆக வேண்டும் என்கிறாள். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் விமானத்தில் போனதுகூட இல்லை. என் கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஐந்து சென்ட் மனை ஒன்று இருக்கிறது. அதை விற்றால் இருபத்தைந்து லட்சம் வரும் என்கிறார்கள். மீதிக்கு லோன் போடலாம் என்று இருக்கிறோம். பிள்ளை கண்ணாடி போட்டிருக்கிறாள். சேர்த்துக்கொள்வீர்களா? எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று தயவுசெய்து தெரிவிக்கவும்.”

அந்த அம்மா கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஆனால் மனையை விற்கும் யோசனை முன்னாலும் கண்ணாடி பின்னாலும் வந்திருந்தன. அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் நான் எழுதிய பதிலின் சாரம். இந்தத் துறையில் குடும்பங்கள் நொடித்துப்போவது பெரும்பாலும் பிள்ளைக்குத் திறமை இல்லாததால் அல்ல, கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுவதால்தான்.

முதலில் கண். கண்ணாடி போட்டவர்கள் பைலட் ஆக முடியாது என்ற எண்ணம் நம் ஊரில் வேரூன்றிக் கிடக்கிறது. விமானப்படையின் போர் விமானிகளுக்கான கடுமையான விதியை எல்லா விமானிகளுக்கும் பொதுவாக்கியதால் வந்த குழப்பம் அது. பயணிகள் விமானம் ஓட்டுபவருக்குக் கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். பவர் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும், பறக்கும்போது மாற்றுக் கண்ணாடி ஒன்றையும் கைவசம் வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

கண்ணாடியால் சரிசெய்ய முடியாதது நிறப்பார்வை. புள்ளிகளால் ஆன வட்டத்துக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இஷிஹாரா அட்டைகளைக் கண் மருத்துவமனையில் பார்த்திருப்பீர்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவருக்கு அந்த எண் தெரியாது. தனக்கு அப்படி ஒரு குறை இருப்பதே பலருக்கு அதுவரை தெரிந்திருக்காது. விமானிக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? ஓடுபாதையின் ஓரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். இறங்கி வரும் விமானிக்கு இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரிந்தால் உயரம் சரி. நான்கும் சிவப்பானால் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிட்டார் என்று பொருள். ரேடியோ பழுதாகிவிட்டால் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து விளக்கால் சைகை காட்டுவார்கள். நிலையான பச்சை என்றால் இறங்கலாம், நிலையான சிவப்பு என்றால் மற்ற விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். இந்த இரண்டு நிறங்களும் குழம்பும் கண்ணுக்கு உரிமம் கிடைப்பது மிகவும் கடினம்.

எனவே அந்த அம்மாவுக்கு முதலில் எழுதியது இதுதான்: இந்த வாரமே பக்கத்து ஊர் கண் மருத்துவமனைக்குப் போய் நிறப்பார்வைச் சோதனை செய்துவிடுங்கள். சில நூறு ரூபாய் செலவு, பத்து நிமிட வேலை. அது சரியாக இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

அடுத்த படி முறையான மருத்துவச் சான்று. இந்தியாவில் விமானி உரிமங்களைத் தருவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். துறையில் எல்லோரும் டி.ஜி.சி.ஏ. என்றுதான் சொல்வார்கள். அவர்கள் அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் இரண்டாம் வகுப்பு மெடிக்கல் செய்ய வேண்டும். ரத்தம், சிறுநீர், இ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, காது கேட்கும் திறன், கண் எல்லாம் இதில் அடங்கும். மாணவர் உரிமம் வாங்கிப் பறக்கத் தொடங்க இது போதும். ஆனால் சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் வணிக உரிமத்துக்கு, அதாவது சி.பி.எல்.லுக்கு, முதல் வகுப்பு மெடிக்கல் வேண்டும். அது இன்னும் கண்டிப்பானது. இரண்டாம் வகுப்பில் தேறிய பிறகு, பெங்களூரிலும் டெல்லியிலும் உள்ள விமானப்படை மருத்துவ மையங்கள் போன்ற குறிப்பிட்ட இடங்களில் மட்டும் அதைச் செய்வார்கள். தேதி கிடைக்கவே சில மாதங்கள் ஆகலாம்.

பள்ளிகள் பல, இரண்டாம் வகுப்பு மெடிக்கல் கையில் இருந்தாலே சேர்த்துக்கொள்ளும். விதியின்படி அதில் தவறில்லை. பெற்றோர் செய்யும் பிழை, அதையே போதுமான பச்சைக்கொடியாக எடுத்துக்கொள்வது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் வெளிநாட்டுக்குப் போய், அந்த நாட்டு மெடிக்கலை வைத்தே 200 மணி நேரமும் பறந்து முடித்தான். திரும்பி வந்து இந்திய முதல் வகுப்பு மெடிக்கலுக்குப் போனபோது நிறப்பார்வையில் தேறவில்லை. அவன் அப்பா வந்து என் முன்னால் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவரிடம் அப்போது நான் சொல்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. வெளிநாட்டில் படித்தாலும் இங்கே ஓட்ட இந்திய மெடிக்கலும் இந்தியத் தேர்வுகளும் வேண்டும் என்பதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், முதல் வகுப்பு மெடிக்கல் முடிவு கையில் வரும்வரை பெரிய தொகை எதையும் யாருக்கும் கட்டாதீர்கள்.

மெடிக்கலில் “தற்காலிகமாகத் தகுதியில்லை” என்று வந்தால் கலங்க வேண்டாம். ரத்தச்சோகை, எடை, காதில் சீழ் போன்ற காரணங்களுக்கு அப்படிச் சொல்வார்கள். சிகிச்சை எடுத்துக்கொண்டு, அவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு மறுபடி போகலாம். கண்ணாடியை ஒழிக்கலாம் என்று அவசரப்பட்டு லேசர் அறுவை சிகிச்சை செய்துவிடுவது வேறு விஷயம். அதற்குத் தனி நிபந்தனைகள் உண்டு. டி.ஜி.சி.ஏ. மருத்துவரைக் கேட்காமல் அதில் இறங்கவே கூடாது.

இனி படிப்பு. கணிதம், உயிரியல் குரூப்பில் இயற்பியலும் கணிதமும் இருப்பதால் அந்தப் பெண்ணுக்குக் கவலை இல்லை. சி.பி.எல்.லுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அந்த இரண்டு பாடங்களிலும் தேறியிருக்க வேண்டும் என்பதே நீண்டகால விதி. வணிகவியல் படித்தவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக அவற்றைத் தனியாக எழுதிச் சேர்த்துக்கொள்வது வழக்கம். வயதைப் பொறுத்தவரை 16 முடிந்தால் மாணவர் உரிமம், 17 முடிந்தால் தனியார் விமானி உரிமம், 18 முடிந்தால் சி.பி.எல். ஆகப் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அவளுக்கு எந்த நஷ்டமும் இல்லை. இந்த ஒன்றரை ஆண்டில் மெடிக்கலையும் காகித வேலைகளையும் முடித்துவிடலாம்.

காகித வேலை என்றதும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே உள்ள ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். அது இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பெயரும் இனிஷியலும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயராகிவிடும். ஆதாரில் மூன்றாவது விதமாக இருக்கும். தேர்வு எழுத டி.ஜி.சி.ஏ. தரும் கம்ப்யூட்டர் எண், மெடிக்கல், உரிமம் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போதே எல்லா ஆவணங்களிலும் பெயரை ஒன்றாக்கிவிடுவது பிறகு பல வார அலைச்சலைத் தவிர்க்கும்.

தேர்வுகளைப் பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை. திசையறிதல், வானிலையியல், விமான விதிகள், தொழில்நுட்பம் என்று எழுத்துத் தேர்வுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். ரேடியோவில் பேசுவதற்குத் தனி உரிமமும், அதற்கென்று ஒரு தேர்வும் உண்டு. பலர் பறந்துகொண்டே படித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை இது நடப்பதில்லை. காலை ஐந்து மணிக்கு ஓடுதளத்துக்குப் போய்விட்டு வரும் பிள்ளைக்கு இரவில் திசையறிதல் கணக்குப் போடத் தெம்பு இருக்காது. மணி நேரங்களை முடித்துவிட்டுத் தேர்வுக்காகக் காத்திருந்தாலும் சிக்கல். உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது கடைசி ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட நேரம் பறந்திருக்க வேண்டும் என்பதால், காசு கொடுத்து மறுபடி பறக்க வேண்டி வரும். பன்னிரண்டு முடித்த கையோடு, பறக்கச் சேர்வதற்கு முன் உள்ள மாதங்களில் பெரும்பாலான தேர்வுகளை எழுதி முடிப்பதே நல்லது.

பிள்ளைக்கு உண்மையில் இதில் ஆர்வம் இருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. விமான நிலையங்கள் வெளியிடும் வானிலைக் குறிப்பை இணையத்தில் யாரும் பார்க்கலாம். சென்னைக்கான குறிப்பு இந்த மாதிரி இருக்கும்:

```
VOMM 120530Z 24008KT 5000 HZ SCT020 33/24 Q1006 NOSIG
```

VOMM என்பது சென்னை விமான நிலையத்தின் குறியீடு. அடுத்தது 12ஆம் தேதி, உலகப் பொது நேரம் 5.30, அதாவது நம் நேரம் காலை 11 மணி. காற்று 240 பாகைத் திசையிலிருந்து 8 நாட் வேகத்தில் வீசுகிறது. 5000 மீட்டர் வரை கண்ணுக்குத் தெரிகிறது, புகைமூட்டம் இருக்கிறது. 2000 அடியில் சிதறலாக மேகம். வெப்பநிலை 33, பனிநிலை 24, காற்றழுத்தம் 1006. நிலைமை விரைவில் பெரிதாக மாறாது. தினமும் காலையில் இதைப் படித்துவிட்டு, மாலையில் வானத்தைப் பார்த்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு மாதம் சலிக்காமல் செய்கிற பிள்ளைக்கு வானிலைப் பாடம் பாரமாக இருக்காது. மூன்றாம் நாளே விட்டுவிட்டால், சீருடை மேல்தான் ஆசையா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுவதற்கு அது நல்ல சந்தர்ப்பம்.

இப்போது பணத்துக்கும் பள்ளிக்கும் வருவோம். இங்கேதான் நான் அந்த அம்மாவுக்கு அதிகம் எழுதினேன்.

சி.பி.எல்.லுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பும் மாணவருடையது. அதற்குள் ஊர் விட்டு ஊர் போகும் 20 மணி நேரம் வேண்டும். 300 கடல் மைல் தூரத்துக்குக் குறையாமல், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏறும் ஒரு நீண்ட பயணமும் அதில் அடக்கம். இரவில் பறப்பது, வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது எல்லாவற்றுக்கும் தனித்தனி கணக்கு. இந்தியாவில் இதற்கு ஏறக்குறைய நாற்பதிலிருந்து அறுபது லட்சம் வரை ஆகிறது. பள்ளி விளம்பரங்களில் “12 முதல் 15 மாதத்தில் சி.பி.எல்.” என்று போட்டிருப்பார்கள். அது நடக்குமா என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு பள்ளியின் கையேட்டில் 9 விமானங்கள் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நேரில் போனால் மூன்று, கூண்டுக்குள் எஞ்சின் மூடி திறந்தபடி நிற்கும். குறிப்பிட்ட மணி நேரத்துக்கு ஒருமுறை சோதனை, உதிரிபாகத்துக்குக் காத்திருப்பு என்று காரணம் இருக்கும். ஆக, பறப்பவை 6. பகல் வெளிச்சம், ஓடுபாதை கிடைக்கும் நேரம் இவற்றைப் பார்த்தால் ஒரு விமானம் நல்ல நாளில் 5 மணி நேரம் பறக்கும். ஒரு நாளைக்கு 30 மணி நேரம். மழை, மூடுபனி, பலத்த காற்று, விடுமுறை கழித்து மாதத்துக்கு 20 நாள் என்றால் 600 மணி நேரம். இதை எத்தனை பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதுதான் கேள்வி. 40 மாணவர்கள் என்றால் ஆளுக்கு மாதம் 15 மணி நேரம், 200 மணி நேரத்தை 13 மாதம் சொச்சத்தில் முடித்துவிடலாம். 100 மாணவர்கள் என்றால் ஆளுக்கு 6 மணி நேரம்தான். முடிக்க 33 மாதம் ஆகும்.

அந்த 20 மாத வித்தியாசத்தைக் கடனில் வைத்துப் பாருங்கள். 50 லட்சத்தை முழுதாக எடுத்துவிட்டு, வட்டி பத்தரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மாத வட்டி மட்டும் 43,750 ரூபாய். இருபது மாதத்துக்கு எட்டே முக்கால் லட்சம். விடுதி, சாப்பாடு தனி. இடைவெளி விட்டு விட்டுப் பறக்கும் பிள்ளைக்குக் கை பழகாது. போன வாரம் கற்றுக்கொண்ட தரையிறக்கத்தை இந்த வாரம் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டியிருக்கும், அந்த மணி நேரத்துக்கும் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும்.

எனவே சேர்வதற்கு முன் ஒருநாள் விடியற்காலையில், சொல்லாமல் கொள்ளாமல் இல்லை, அனுமதி வாங்கிக்கொண்டே பள்ளிக்குப் போங்கள். காலை ஆறு மணிக்கு ஓடுதளத்தில் எத்தனை விமானங்கள் கிளம்புகின்றன என்று எண்ணுங்கள். கையேட்டில் உள்ள எண்ணை விட்டுவிடுங்கள், புரொப்பெல்லர் சுழல்வதுதான் கணக்கு. மாணவர்களில் இரண்டு மூன்று பேரிடம் தனியாகப் பேசி, சேர்ந்து எத்தனை மாதம் ஆயிற்று, எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறாய் என்று கேளுங்கள். எட்டு மாதத்தில் முப்பது மணி நேரம் என்று பதில் வந்தால் வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. தலைமைப் பயிற்றுநரைத் தவிர எத்தனை பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், கடந்த ஆண்டில் எத்தனை பேர் விலகினார்கள் என்பதையும் விசாரியுங்கள். விமானம் இருந்தும் பயிற்றுநர் இல்லாமல் நிற்கும் பள்ளிகளும் உண்டு. 2025 அக்டோபரிலிருந்து டி.ஜி.சி.ஏ. பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கியிருக்கிறது. அதையும் பாருங்கள், ஆனால் நேரில் எண்ணுவதற்கு அது மாற்று ஆகாது.

பணத்தை ஒரே தவணையாகக் கேட்கும் இடத்தில் கட்ட வேண்டாம். பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணை, பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற கணக்கு, இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். பறந்த நேரம் மாணவரின் லாக் புக்கில் அன்றன்றே ஏறுகிறதா என்றும் பாருங்கள். பறக்காத மணி நேரத்தை எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். 2011இல் போலிச் சான்றுகளால் உரிமம் வாங்கிய விமானிகள் பிடிபட்டு, இந்தியா முழுவதும் பயிற்சிப் பள்ளிகளின் பதிவேடுகளும் சோதனைக்கு வந்தன. அப்படி எழுதிய ஒரு வரி, உரிமத்தோடு சேர்த்துப் பிள்ளையின் மொத்தத் தொழிலையும் கொண்டுபோய்விடும். அதைவிட முக்கியம், அந்த மணி நேரத்தில் அவள் கற்றிருக்க வேண்டியது அவளிடம் இருக்காது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதினேன். சி.பி.எல். கிடைத்த மறுநாள் வேலை கிடைக்காது. ஏர்பஸ் ஏ320 போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங் என்ற பயிற்சி வேண்டும். அது இன்னொரு பதினைந்து, இருபது லட்சம். சில நேரங்களில் விமான நிறுவனங்களே ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சியில் சேர்க்கும், ஆனால் செலவு பெரும்பாலும் மாணவருடையதே. தொழிலோ ஏற்ற இறக்கம் கொண்டது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது, அடுத்த ஆண்டு கொரோனா வந்தது, 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. ஒவ்வொரு முறையும் அனுபவமுள்ள விமானிகள் வேலை தேடி வந்தார்கள், புதிதாக உரிமம் வாங்கியவர்கள் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். அந்தக் காத்திருப்புக் காலத்திலும் மெடிக்கலையும் உரிமத்தையும் உயிரோடு வைத்திருக்கச் செலவு உண்டு. எனவே கையில் உள்ளதை எல்லாம் பயிற்சிக் கட்டணத்திலேயே தீர்த்துவிடக் கூடாது. தபால் வழியிலாவது ஒரு பட்டப் படிப்பை உடன் வைத்துக்கொள்வது நல்லது. தபால் வழியாக இல்லாமல், இயற்பியல், கணிதத்தோடு முழுநேர பி.எஸ்சி. முடித்தால், இந்திய விமான நிலைய ஆணையத்தின் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணிக்கான தேர்வையும் அவள் எழுதலாம். அங்கே பயிற்சிக்கு நாம் பணம் கட்ட வேண்டியதில்லை, சம்பளம் அவர்கள் தருவார்கள். ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் குடும்பத்துக்கு இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

மனையைப் பற்றி ஒரே வரி எழுதினேன்: முதல் வகுப்பு மெடிக்கல், எழுத்துத் தேர்வுகள், நீங்களே எண்ணிப் பார்த்த பள்ளி, இந்த மூன்றும் முடிந்த பிறகு விற்கலாமா என்று யோசியுங்கள். அதுவரை அதை அடமானமாகக்கூட வைக்க வேண்டாம்.

மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து மறுபடி கடிதம் வந்தது. “ஐயா, கண் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டோம். கலர் பார்வை நன்றாக இருக்கிறது என்றார்கள். பாஸ்போர்ட்டுக்குப் பெயரை விரித்து எழுத இருந்தோம், நிறுத்தி வைத்திருக்கிறோம். பிள்ளை தினமும் வானிலைக் குறிப்பை நோட்டில் எழுதுகிறாள். நேற்று மழை வரும் என்று சொன்னாள், வந்தது. அரையாண்டு விடுமுறையில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு உங்கள் பள்ளிக்கு வந்து பார்க்கலாமா? அவள் அப்பாவும் வருகிறேன் என்கிறார்.”

வாருங்கள் என்று பதில் எழுதினேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் ஆதாரையும் மறக்காமல் கொண்டுவரச் சொன்னேன்.